நோய்க்கு மருந்தில்லை, வீட்டுக்கு உண்டு

“வயசாயிடுச்சு, மறதி வரத்தான் செய்யும். இதுக்கெல்லாம் மருந்து கிடையாது. நாம என்ன பண்ண முடியும்?” திருவண்ணாமலையில் மறதி கூடிவரும் தாயோ தந்தையோ உள்ள எந்த வீட்டிலும் உறவினர் சொல்லும் ஆறுதல் இதுதான். சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த மூன்று வாக்கியங்களும் சேர்ந்து ஒரு முதியவரைப் பல ஆண்டுகள் வீண் துன்பத்தில் தள்ளிவிடக்கூடியவை. இவற்றில் முதல் வாக்கியம் தவறு. இரண்டாவது பெரும்பாலும் உண்மை. மூன்றாவது, இரண்டாவதிலிருந்து பிறந்ததுபோலத் தோன்றினாலும் அதிலிருந்து பிறக்கவில்லை. நோயைக் குணப்படுத்த முடியாது என்பதை ஒப்புக்கொண்ட பிறகும், அந்த நோயோடு வாழும் நாளை மாற்ற முடியும். அந்த மாற்றத்துக்கான இடம் மருத்துவமனை அல்ல, வீடு. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் வேலை.

முதலில், மறதி முதுமையின் இயல்பு என்ற எண்ணத்தைப் பார்ப்போம். இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களிடம் பல மாநிலங்களில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. அதன்படி அவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் இருக்கிறது. ஏறத்தாழ 88 லட்சம் பேர். எண்ணிக்கையில் பெரிதுதான். ஆனால் நூறு முதியவர்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் இல்லை என்பதும் அதே கணக்கு சொல்வதுதான். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயதின் மறதி. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று திகைப்பது வேறு. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் நாக்கில் நின்றுபோவது ஒன்று. நாற்பது வருடம் சமைத்த சாம்பாருக்குப் புளி எப்போது ஊற்றுவது என்று அடுப்பின் முன் குழம்பி நிற்பது இன்னொன்று. இரண்டாவது வகையைக் கண்டால் மருத்துவரிடம் போக வேண்டும். ஏனென்றால் மறதிநோய் போலத் தோற்றம் தரும் சில கோளாறுகளுக்கு மருந்து உண்டு: தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, எப்போதோ தலையில் பட்ட அடியால் மெல்லக் கசிந்து உறைந்த ரத்தம், தூக்கத்துக்கும் சளிக்கும் கடையில் வாங்கி விழுங்கும் சில மாத்திரைகள். நேற்றுவரை ஓரளவு தெளிவாக இருந்தவர் இரண்டே நாளில் தடுமாறிப் பிதற்றத் தொடங்கினால் அது மறதிநோயின் வேகம் அல்ல. சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, சர்க்கரை இறக்கம் போன்ற ஏதோ ஒன்று உள்ளே நடக்கிறது. அன்றே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள வேறு மருத்துவமனைக்கோ கொண்டுபோக வேண்டிய அவசரம் அது. “வயசானா அப்படித்தான்” என்ற சொல் இந்த இரண்டு கதவுகளையும் மூடிவிடுகிறது.

இரண்டாவது வாக்கியத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906-இல், மறதிநோய்களில் பரவலான அல்சைமர் நோயை விவரித்து நூற்றாண்டுக்கு மேலாகிறது. டோனபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குச் சில காலம் சிறிது கைகொடுக்கும். போன நினைவைத் திருப்பித் தருவதில்லை. எனவே மருந்தில்லை என்பதை வைத்துக்கொள்ளலாம். தவறு அடுத்த படியில்தான் நேர்கிறது. நினைவு என்பது ஒரே ஒரு பொருள், அது போனால் எல்லாம் போயிற்று என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மூளை அப்படி அமைந்ததில்லை. அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்குவது புதிய நிகழ்ச்சிகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை. அதனால்தான் காலையில் சாப்பிட்டது மறக்கிறது, ஐம்பது வருடத்துக்கு முந்தைய கல்யாணம் நிற்கிறது. ஆனால் கைப்பழக்கம் வேறு பகுதிகளில் குடியிருக்கிறது. அது நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும். படிக்கத் தெரிந்தவர்களுக்கு, எழுதியிருக்கும் ஒரு சொல்லைப் பார்த்துப் படிக்கும் திறன் நோய் நடுக்கட்டத்தைத் தொட்ட பிறகும் பெரும்பாலும் இருக்கும். உணர்ச்சி எல்லாவற்றையும் விட நீடிக்கும். ஆக, பதிவு போன பிறகும் பழக்கம், வாசிப்பு, உணர்ச்சி ஆகிய மூன்றும் மிஞ்சுகின்றன. வீட்டுப் பராமரிப்பில் சொல்லப்படும் ஒழுங்கு, பெயர்ச்சீட்டு, பொறுமை மூன்றும் இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொள்பவை. அவற்றை நல்ல பண்பு என்று மட்டும் சொல்வது குறைத்துச் சொல்வது. இவை சிகிச்சை முறைகள். செய்வதில் சரியும் உண்டு, தவறும் உண்டு.

ஒழுங்கிலிருந்து தொடங்குவோம். பே கோபுரத் தெருப் பக்கம் இப்படி ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். எழுபத்தைந்து வயது அம்மா, மகன், மருமகள், பள்ளி போகும் பேரப்பிள்ளை. அம்மா தினமும் குளிக்க மறுக்கிறார்; கட்டாயப்படுத்தினால் கையை ஓங்குகிறார். “பிடிவாதம்” என்று வீடு முடிவு கட்டிவிட்டது. ஆனால் அந்த அம்மாவின் வாழ்நாள் பழக்கம் என்ன? இருட்டோடு எழுந்து வாசல் தெளித்து, கோலம் போட்டு, குளித்துவிட்டுத்தான் அடுப்பு. வீட்டில் மற்றவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு, மருமகளுக்கு ஓய்வு கிடைக்கும் பதினோரு மணிக்குக் குளியலை மாற்றிவைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் குளியல் என்பது அவருடைய உடம்புக்கு எந்தத் தொடர்ச்சியும் இல்லாத வேலை. யாரோ வந்து புடவையை அவிழ்க்கிறார்கள் என்பதாகவே அது அவருக்குப் படும். குளியலைக் கோலத்துக்குப் பின்னால் திருப்பி வையுங்கள். எழுந்ததும் காபி, பிறகு கோலமாவுக் கிண்ணம் கையில், கோலம் முடிந்ததும் வெந்நீர் தயாராக இருக்கும் குளியலறை. உள்பாவாடை, ரவிக்கை, புடவை என்று உடுத்தும் வரிசையிலேயே துணிகள் கொடியில். “குளிச்சுட்டு வாங்க” என்ற ஒரு வாக்கியத்துக்குள் பத்து வேலைகள் இருக்கின்றன; அவற்றை வரிசைப்படுத்தும் திறன்தான் அவரிடம் போய்விட்டது. அதனால் ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்ல வேண்டும். அதைவிட நல்லது, சொல்லாமல் சொம்பைக் கையில் கொடுப்பது. சொம்பு கைக்கு வந்தால் கை தானாக நீரை மொள்ளும்; அடுத்தது அதன் பின்னால் வரும். கோலம் முன்போல் நேராக வராது, புள்ளி தப்பும். அதைத் திருத்தக் கூடாது. அந்தக் கோலத்தின் வேலை தெருவை அழகாக்குவது அல்ல, அன்றைய நாளைத் தொடங்கிவைப்பது.

பிற்பகலுக்கும் இதே கணக்குதான். பொழுது சாயும் நேரத்தில் பதற்றம் கூடுவது இந்த நோயில் பரவலாகக் காணப்படுவது. மதியம் இரண்டு மணிநேரம் தூங்கவிட்டு, ஆறு மணிவரை இருட்டறையில் உட்காரவைத்தால் அந்தப் பதற்றத்தை நாமே வளர்க்கிறோம். மதியத் தூக்கத்தை அரைமணியோடு நிறுத்தி, ஐந்தரைக்கே விளக்கைப் போட்டு, கைக்கு வேலை கொடுக்க வேண்டும். நம் மாவட்டத்துப் பெண்களின் கைக்கு நன்றாகத் தெரிந்த வேலை மல்லாட்டை உரிப்பது. முருங்கைக்கீரை ஆய்வதும் பூ கட்டுவதும் அப்படியே. உரித்த கொட்டையோடு ஓடும் கலந்துவிட்டால் அவர் பார்க்காதபோது பிரித்துக்கொள்ளலாம். அப்பாவாக இருந்தால், கடை வைத்திருந்தவருக்குச் சில்லறையை அடுக்கும் வேலை, விவசாயிக்குக் கயிறு திரிக்கும் வேலை. எந்த வேலை என்பதை நம் வசதி தீர்மானிக்கக் கூடாது. அவருடைய கை ஐம்பது வருடம் செய்தது எது என்பது தீர்மானிக்க வேண்டும். “பாவம், ஓய்வா இருக்கட்டும்” என்று எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்ளும் பிள்ளைகள், மிஞ்சியிருக்கும் ஒரே முழுத் திறனையும் அன்பின் பெயரால் அழிக்கிறார்கள்.

பெயர்ச்சீட்டைப் பற்றிச் சொன்னால் பலருக்கும் கூச்சம் வருகிறது. “வீட்டுக் கதவில் எழுதி ஒட்டினால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?” வருகிறவர்கள் கழிவறையில் எழுதியிருப்பதைப் பார்ப்பது நல்லதா, கழிவறை எது என்று தெரியாமல் அப்பா பூஜை அறை மூலையில் உட்காருவதைப் பார்ப்பது நல்லதா? மறதிநோயில் அடக்க முடியாமல் போவது பின்னால் வருவது. முதலில் நடப்பது, வழி தெரியாமல் போவது. நான்கு கதவுகளும் ஒரே பழுப்பு வண்ணத்தில் மூடிக் கிடந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் அவகாசம் அந்த உடம்புக்கு இல்லை. கழிவறைக் கதவுக்கு மட்டும் மஞ்சளோ நீலமோ அடித்து, அவர் கண் மட்டத்தில், கூன் விழுந்தவரானால் இன்னும் தாழ்வாக, வெள்ளைத்தாளில் கறுப்பு மையில் இரண்டு அங்குல எழுத்தில் ஒரே ஒரு சொல். அந்தச் சொல் அவர் வாயில் வழங்கும் சொல்லாக இருக்க வேண்டும். ஆயுள் முழுக்க “பாத்ரூம்” என்றவருக்குப் “பாத்ரூம்” என்றே எழுதுங்கள். பக்கத்தில் ஒரு படம். படிக்கத் தெரியாதவருக்குப் படமும் வண்ணமும் போதும். இரவில் அந்தக் கதவைத் திறந்துவைத்து உள்ளே விளக்கை எரியவிட்டால், சீட்டைவிட அது பெரிய சீட்டு. படுக்கையிலிருந்து கழிவறைவரை தரையில் கறுப்பு மிதியடி எதுவும் வேண்டாம். அது பள்ளம்போலத் தெரிந்து தாண்டப் போய் விழுகிறவர்கள் உண்டு.

சீட்டில் தவறுவதும் எளிது. ஒரே வாரத்தில் வீடு முழுக்க முப்பது சீட்டு ஒட்டினால் எதுவும் கண்ணில் படாது. முதலில் மூன்று போதும்: கழிவறை, அவருடைய துணி அலமாரி, தண்ணீர்ச் சொம்பு. “தொடாதே”, “போகாதே” என்று எழுதினால் பயனில்லை. சொல்லின் பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் கண் பிடிக்கும். என்ன செய்ய வேண்டுமோ அதை எழுதுங்கள். ஆபத்தானவற்றுக்குச் சீட்டை நம்பவே கூடாது: கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை ஒவ்வொரு முறையும் அணைத்துவிடுவது, மாத்திரைகளைப் பீரோவில் பூட்டிவைத்து வேளைக்குக் கையில் கொடுப்பது ஆகியவைதான் காப்பு. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் போட்டதை மறந்து இன்னொரு முறை போட்டுக்கொண்டால், சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

தமிழ் வீட்டுச் சுவரில் ஏற்கெனவே ஓர் அருமையான நினைவுக் கருவி தொங்குகிறது: நாள்காட்டி. கிழமை, தேதி, பௌர்ணமி எல்லாம் பெரிய எழுத்தில் ஒரே தாளில். “இன்னிக்கு என்ன கிழமை?” என்ற கேள்வி ஒரு காலையில் இருபது முறை வரும்போது, இருபது முறை வாயால் சொல்வதைவிட “அதுல பாருங்கம்மா” என்று கையைக் காட்டுவது நல்லது. சில நாள் தொடர்ந்து அப்படிச் செய்தால், கேள்வி எழும்போதே கண் அங்கே திரும்பத் தொடங்குவதும் உண்டு; அது பழக்கமாகிவிடுகிறது. படங்களும் ஓரிரு வாக்கியங்களும் கொண்ட சிறு ஏடுகளை மறதிநோயாளிகளிடம் கொடுத்தால் அவர்கள் பேச்சு தெளிவடைகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் மிஷெல் பூர்ஜுவா 1990-களிலேயே காட்டியிருக்கிறார். நாள்காட்டியின் பின்னால் இருக்கும் தத்துவமும் அதுதான். காலையில் தாளைக் கிழிக்கும் வேலையை அம்மாவிடமே கொடுக்கலாம். இங்கே ஒரு சிக்கல் வரும்: கிழித்ததை மறந்து, பத்து மணிக்கு இன்னொரு தாளையும் மதியம் இன்னொன்றையும் கிழித்துவிடுவார். மாலைக்குள் வீடு அடுத்த வாரத்துக்குப் போய்விடும். அதற்காகக் காலண்டரைக் கழற்றி ஒளிக்க வேண்டாம். அன்றைய தாளை மட்டும் ஒரு கிளிப்பில் மாட்டி, மீதிக் கட்டைப் பீரோவில் வைத்தால் தீர்ந்தது. கருவி தோற்றுப்போவதாகத் தோன்றும் இடங்களில் பெரும்பாலும் இப்படி ஒரு சிறு திருத்தம்தான் தேவைப்படுகிறது.

பொறுமை என்றதும் அது மனிதர்களின் குணத்தைப் பொறுத்தது, சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை என்று ஒதுக்கிவிடுகிறோம். அதன் பின்னால் உள்ள காரணம் தெரிந்தால் அது கணக்காகிவிடும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2014-இல் வெளியானது. அல்சைமர் நோயாளிகள் 17 பேருக்குத் துக்கமான காட்சிகளையும், வேறொரு வேளையில் மகிழ்ச்சியான காட்சிகளையும் போட்டுக் காட்டினார்கள். சில நிமிடம் கழித்துக் கேட்டால், பார்த்தது என்ன என்பது அவர்களுக்கு ஏறக்குறைய நினைவில் இல்லை. ஆனால் அந்தத் துக்கமும் மகிழ்ச்சியும் அப்படியே நீடித்தன. காட்சியை எவ்வளவு குறைவாக நினைவு வைத்திருந்தார்களோ, அவ்வளவு அதிக நேரம் துக்கம் நீடித்தது என்பதும் தெரியவந்தது. இதை வீட்டுக்குள் கொண்டுவந்து பாருங்கள். காலை ஏழு மணிக்கு “எத்தனை தடவை சொல்றது?” என்று கத்தினால், ஏழேகாலுக்கு அந்த வார்த்தை அவரிடம் இருக்காது, அவமானம் இருக்கும். காரணம் தெரியாத அவமானத்தோடு அவர் டிபனுக்கு உட்காருவார், தட்டைத் தள்ளுவார், அழுவார். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. நாமோ “திடீர்னு என்ன ஆச்சு?” என்போம். மறந்துவிடுவார்தானே என்று கத்துவது, ஆகவே, தலைகீழ்க் கணக்கு. மறப்பதால்தான் கத்தக் கூடாது: காரணம் நினைவிருக்கும் நாமாவது சமாதானம் ஆகலாம், அவருக்கு அந்த வழி இல்லை.

இதே காரணத்தால், வருகிற விருந்தாளிகள் எல்லாம் நடத்தும் ஞாபகப் பரீட்சையை வீடு நிறுத்த வேண்டும். “நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்?” என்று கேட்டுப் பதில் வராதபோது சிரிப்பது நம்மூரில் சகஜம். கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் மூளை கூர்மையாகும் என்று நம்புபவர்கள் மனமாரத்தான் செய்கிறார்கள். ஆனால் பதிவே ஆகாத ஒன்றைக் கேள்வியால் வெளியே இழுக்க முடியாது. தோல்வியைத்தான் இழுக்க முடியும். “அத்தை, நான் உங்க அண்ணன் பொண்ணு, போளூர்ல இருந்து வந்திருக்கேன்” என்று வந்தவரே சொல்லிவிட்டு உட்கார்ந்தால், பழைய கதை தானாக வரும். அது அவருக்கு எட்டுகிற நினைவு.

இந்த இடத்தில் ஒரு நேர்மையான ஆட்சேபம் எழும். பத்து வருடத்துக்கு முன் இறந்த அப்பாவை “எங்கே, இன்னும் வரலையே?” என்று அம்மா தேடினால் என்ன சொல்வது? வருவார் என்றால் பொய். இறந்துவிட்டார் என்றால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு சாவுச் செய்தி. பெற்ற தாயிடம் பொய் சொல்லலாமா? நான் சொல்வது, இரண்டும் தேவையில்லை என்பது. அந்தக் கேள்வி தகவலைக் கேட்கவில்லை, துணையைக் கேட்கிறது. “அப்பாவை நினைச்சுட்டு இருக்கீங்களாம்மா? அவருக்குப் பிடிச்ச வத்தக்குழம்பு எப்படி வைப்பீங்க?” என்பதில் பொய்யும் இல்லை, சாவும் இல்லை. “எனக்கு இன்னும் சோறே போடலை” என்று சாப்பிட்ட பத்தாவது நிமிடம், அதுவும் உறவினர் முன்னிலையில், சொல்வதும் இதே வகை. “இப்பத்தானே சாப்பிட்டீங்க” என்று நிரூபிக்கப் போனால் சண்டை. சாப்பிட்ட தட்டைச் சிறிது நேரம் எதிரிலேயே விட்டுவைப்பது, “இதோ தரேன்” என்று நாலு மல்லாட்டையோ ஒரு வாழைப்பழமோ கொடுப்பது இரண்டும் பலன் தரும். உறவினர் நம்பிவிடுவாரே என்று மருமகள் துடிப்பது நியாயம். அந்தக் கணக்கை உறவினரிடம் தனியாகத் தீர்க்க வேண்டும். நோயாளியிடம் தீர்க்க முடியாது. நோயின் இயல்பைக் குடும்பம் முழுவதற்கும் முன்கூட்டியே சொல்லிவிடும் பொறுப்பு மகனுடையது.

இனி, திருவண்ணாமலைக்கே உரிய ஓர் ஆபத்து. “வீட்டுக்குப் போகணும்” என்று தன் வீட்டிலிருந்தே கிளம்பும் முதியவர் எந்த ஊரிலும் தொலைந்துபோகலாம். ஆனால் வேறு ஊர்களில், தெருவில் தனியாகத் தடுமாறி நிற்கும் வயதானவரை யாராவது நின்று கேட்பார்கள். இங்கே கிரிவலப் பாதை நெடுகச் சாதுக்களும் வெளியூர்ப் பெரியவர்களும் தனியாக நடக்கிறார்கள், உட்கார்கிறார்கள், படுத்து உறங்குகிறார்கள். தொலைந்த அப்பா அந்தக் கூட்டத்தில் ஒருவராகவே தெரிவார். யாருக்கும் சந்தேகம் வராது. பௌர்ணமி அன்று லட்சக்கணக்கானவர்கள் நடக்கும் ஓட்டத்தில் கால் வைத்துவிட்டால், வழி தெரிய வேண்டிய அவசியமே இல்லாமல் 14 கிலோமீட்டரும் கூட்டமே அவரை நடத்திச் சென்றுவிடும். அதனால் இந்த ஊருக்கென்று ஒரு முன்னேற்பாடு வேண்டும். கழற்ற முடியாத வளையத்திலோ, எல்லா ரவிக்கை, சட்டைகளின் உள்பக்கத்திலோ கைபேசி எண்ணைப் பதிக்க வேண்டும். பையில் வைத்த சீட்டு தொலையும். அண்மையில் எடுத்த புகைப்படம் செல்போனில் தயாராக இருக்க வேண்டும். தெருமுனைப் பூக்கடைக்காரர், டீக்கடை, ஆட்டோ நிறுத்தம் மூன்றிடமும் மறைக்காமல் சொல்லிவைக்க வேண்டும். காணாமல் போனால் முதலில் அக்கம்பக்கத்தையும் அவர் முன்பு குடியிருந்த, வேலை செய்த இடத்தையும் பார்த்து, தாமதிக்காமல் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட்டு, கிரிவலப் பாதையில் இரண்டு பேர் இரண்டு திசையில் தேட வேண்டும். மலையை வலப்பக்கம் வைத்துக் கூட்டம் போகும் திசையில் ஒருவர், ஈசானிய லிங்கத்தின் பக்கமிருந்து எதிர்த்திசையில் மற்றவர். எதிரே வருகிறவர் முகங்களைப் பார்க்க முடியும். பின்னால் ஓடுகிறவருக்கு முதுகுகள்தான் தெரியும்.

இவ்வளவு பாடு எதற்கு, கதவைப் பூட்டினால் போதாதா, ராத்திரிக்கு ஒரு மாத்திரை கொடுத்தால் போதாதா என்பது அடுத்த ஆட்சேபம். வீட்டில் ஆள் இருக்கும்போது, கண்ணில் படாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் இருப்பது நியாயமே. ஆளில்லாமல் வெளியே பூட்டிவிட்டுப் போவது, தீ விபத்தில் திறக்க முடியாத வீட்டுக்குள் ஒருவரைச் சிறைவைப்பது. மாத்திரையைப் பொறுத்தவரை, ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் போன்ற மனநோய் மருந்துகள் மறதிநோயுள்ள முதியவர்களிடம் மரண விகிதத்தை அதிகரிக்கின்றன என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005-இலேயே கடும் எச்சரிக்கை விடுத்தது. தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக நடந்துகொள்பவருக்கு, மருத்துவர் பார்த்து, குறைந்த அளவில், குறைந்த காலத்துக்குத் தரும் நிலை வரலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதற்காகக் கடையில் வாங்கிக் கொடுப்பதற்கான பொருள் அது அல்ல. அதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு கலவரத்துக்கும் மூன்று வரி: எப்போது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பின் எப்படி அடங்கியது. பத்து நாள் எழுதினால் ஒழுங்கு தெரியும். தினமும் நாலு மணிக் கலவரம் என்றால், அது பசியாகவோ மலச்சிக்கலாகவோ சிறுநீர் முட்டுவதாகவோ பக்கத்து வீட்டு டிவிச் சத்தமாகவோ இருக்கலாம். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவருக்கு அடிப்பதுதான் மொழி.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம், இதை யார் செய்வது என்பது. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், அல்லது எல்லாம் ஒரு மருமகளின் தலையில் விழும் வீட்டில், ஒழுங்கும் பொறுமையும் பற்றிப் பேசுவது பெண்கள்மேல் இன்னொரு பாரத்தை ஏற்றுவதாகாதா? ஒருவரே செய்தால் ஆகும். அதனால்தான் அது ஒருவர் வேலையாக இருக்கக் கூடாது. ஆனால் முறை தெரிந்து செய்வது பாரத்தைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. கோவாவில் மறதிநோயாளிகள் உள்ள 81 குடும்பங்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2008-இல் வெளிவந்தது. மேல்நிலைப் பள்ளிவரை படித்த உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறு மாதம் அவற்றில் ஒரு பகுதி வீடுகளுக்கு அனுப்பினார்கள். நோய் என்றால் என்ன, குளியல் சண்டையை எப்படிக் கையாள்வது, குடும்பத்துக்குள் வேலையை எப்படிப் பகிர்வது என்று அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். நோயாளியின் அன்றாடத் திறனில் பெரிய முன்னேற்றம் எதுவும் நிறுவப்படவில்லை. ஆனால் பார்த்துக்கொள்பவர்களின் மனநலம் மேம்பட்டது. நோயாளியின் நடத்தையால் அவர்கள் படும் வேதனை குறைந்தது. என் வாதத்துக்கு இதைவிடத் துல்லியமான ஆதரவு கிடைக்காது: நோய் அசையவில்லை, வீடு அசைந்தது.

இதற்கும் எல்லை உண்டு என்பதை மறைப்பது குடும்பங்களுக்குச் செய்யும் துரோகம். நோய் முற்றும்போது பழக்கமும் போகும், எழுத்தும் வெறும் கோடாகும். விழுங்கும்போது புரையேறத் தொடங்கினால், படுக்கைப்புண் வந்தால், அடி விழும் அளவுக்கு மூர்க்கம் வந்தால், பார்த்துக்கொள்பவரே பல வாரம் தூக்கமின்றிச் சரிந்தால், வீட்டின் கைவசம் உள்ளது போதாது. அப்போது செவிலியரையோ பராமரிப்பு இல்லத்தையோ நாடுவது கைவிடுதல் ஆகாது. நான் எதிர்ப்பது அந்த முடிவை அல்ல. வீட்டில் செய்யக்கூடிய எதையும் செய்யாமல், இரண்டாம் வருடத்திலேயே ஐந்தாம் வருடத்து நிலைக்கு ஒருவரைத் தள்ளிவிட்டு, “நோய் முத்திடுச்சு” என்று சொல்வதைத்தான் எதிர்க்கிறேன்.

“நாம என்ன பண்ண முடியும்?” என்ற கேள்வி அரசிடமும் கேட்கப்பட வேண்டியது. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையோடு முதியவர்களின் வாசலுக்கே வருகிறார்கள். அந்த வாசலுக்குள் மறதிநோயாளி இருக்கும் வீடுகள் அவர்களுக்குத்தான் முதலில் தெரியவரும். கோவாவில் பள்ளிப் படிப்பு படித்தவர்கள் கற்றுக்கொண்டதை அவர்களும் கற்றுக்கொள்ள முடியும்: கழிவறைக் கதவுக்கு வண்ணம், ஒரு நேரத்தில் ஒரு வேலை, கலவரத்துக்கு மூன்று வரி நோட்டு, மகனையும் மருமகளையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரு மணிநேரப் பேச்சு. இதற்குப் புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்பட வேண்டியதில்லை. மாத்திரை கொடுக்க வருகிறவர் இன்னும் அரைமணி அந்த வீட்டில் உட்கார நேரமும் பயிற்சியும் தரப்பட வேண்டும். அதுவரை காத்திருக்காமல், இந்த வாரமே முதல் மூன்று சீட்டை ஒட்டுவதும், குளியலைப் பழைய நேரத்துக்கு மாற்றுவதும், பரீட்சைக் கேள்விகளை நிறுத்துவதும் குடும்பத்தின் கையில் இருக்கின்றன. செய்த பிறகும் மறதி வளரும். ஆனால் அந்த அம்மா குளியலுக்குக் கையை ஓங்க மாட்டார், கழிவறை தேடி அழ மாட்டார், காரணம் தெரியாத அவமானத்தோடு உண்ண உட்கார மாட்டார். செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்பவர்கள் இந்த மூன்றையும் கணக்கில் சேர்க்காமல்தான் அப்படிச் சொல்கிறார்கள்.